கிலோஜூலும் அவுன்ஸும்: வெளிநாட்டுப் பாக்கெட்டைப் படித்து மேக்ரோ கூட்டுவது எப்படி

மெல்போர்னில் இருக்கும் சித்தி மகன் ஊருக்கு வந்தபோது ஒரு பை மியூஸ்லியும் நியூசிலாந்து பால் பவுடர் ஒன்றும் கொண்டு வந்தான். வீட்டில் ஏற்கெனவே அமெரிக்க பாதாம் ஒரு பாக்கெட் இருந்தது. என் தம்பி சாப்பாட்டைத் தராசில் நிறுத்து, புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட் என்ற மூன்று மேக்ரோவையும் ஆப்பில் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவன். முதல் நாளே மியூஸ்லி பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1680 என்று பார்த்து, அதை அப்படியே கலோரி கட்டத்தில் போட்டுவிட்டான். அறுபது கிராம் மியூஸ்லிக்கு 1008 கலோரி என்று ஆப் காட்டியது. "அண்ணா, இது நமக்கு ஆகாது" என்று பையை மூடி மேல் தட்டில் வைத்துவிட்டான். உண்மையில் அந்த அறுபது கிராமில் இருந்தது 241 கிலோகலோரிதான். 1680 என்பது கிலோஜூல்.

அன்றைக்கு அவனோடு உட்கார்ந்து மூன்று பாக்கெட்டையும் கணக்குப் போட்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கிலோஜூலைக் கிலோகலோரியாக மாற்றுவது ஒரே ஒரு வகுத்தல். அதில் பெரிய சிரமம் இல்லை. எந்த எடைக்கு அந்த எண் சொல்லப்பட்டிருக்கிறது, கார்போஹைட்ரேட் என்ற வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது, இந்த இரண்டிலும்தான் ஆட்கள் தவறுகிறார்கள். அதனால் நான் எப்போதும் ஒரே வரிசையில் போகிறேன்: முதலில் கிராம், அடுத்து சக்தி, அப்புறம் கார்போஹைட்ரேட், கடைசியில் சரிபார்ப்பு.

முதலில் கிராம்

பாக்கெட்டை எடுத்ததும் சக்தி எண்ணைப் பார்க்காதீர்கள். அட்டவணையில் உள்ள எண்கள் எத்தனை கிராமுக்கு என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரே உணவு விதித்தொகுப்பைப் பின்பற்றுவதால், இரண்டு நாட்டு பாக்கெட்டும் ஒரே அச்சில் இருக்கும். அட்டவணையில் இரண்டு பத்திகள். ஒன்று ஒரு பரிமாறலுக்கு, இன்னொன்று 100 கிராமுக்கு. பரிமாறல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு 100 கிராம் பத்தியை மட்டும் பாருங்கள். அந்தப் பரிமாறல் 45 கிராம் என்று தயாரிப்பாளர் முடிவு செய்தது. உங்கள் கிண்ணத்தில் விழுவது அதுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பால் பவுடரில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். சில டப்பாக்களில் 100 கிராம் பத்திக்குப் பதிலாகவோ பக்கத்திலோ, தண்ணீரில் கரைத்த பிறகு 100 மில்லிக்கு என்று ஒரு பத்தி இருக்கும். கரைத்த பாலில் 100 மில்லிக்கு இருநூறு, முந்நூறு கிலோஜூல்தான் வரும். கொழுப்பு நீக்காத தூளில் 100 கிராமுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும். பத்தியின் தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் ஏழெட்டு மடங்கு பிசகும். நீங்கள் தூளை நிறுக்கிறீர்கள் என்றால் தூளுக்கான பத்திதான் வேண்டும்.

அமெரிக்க பாக்கெட் வேறு மாதிரி. அதில் 100 கிராம் பத்தி கிடையாது. பெரும்பாலும் ஒரு பரிமாறலுக்கு மட்டும்தான் எண்கள். பரிமாறல் அளவு '1 அவுன்ஸ்', '2 டேபிள்ஸ்பூன்', 'முக்கால் கப்' என்று வீட்டு அளவில் இருக்கும். ஆனால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் கிராம் இருக்கும். பாதாமில் '1 அவுன்ஸ் (28 கிராம்)', பாஸ்தாவில் '2 அவுன்ஸ் (56 கிராம்)', பச்சை இறைச்சியில் '4 அவுன்ஸ் (112 கிராம்)'. உங்களுக்கு வேண்டியது அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் மட்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும். ஒரு அவுன்ஸ் என்பது 28.35 கிராம் ஆயிற்றே, நான்கு அவுன்ஸ் 113.4 அல்லவா, பாக்கெட்டில் ஏன் 112 என்று போட்டிருக்கிறார்கள்? சத்து அட்டவணைக்கு மட்டும் ஒரு அவுன்ஸை 28 கிராம் என்று முழுமையாக்கிக்கொள்ள அமெரிக்க விதி சொல்கிறது. அதனால் அட்டவணையில் உள்ள எண்களை 28-ஆல்தான் வகுக்க வேண்டும். அடைப்புக்குறியில் கிராம் இல்லாத பழைய லேபிளிலோ சமையல் குறிப்பிலோ அவுன்ஸ் மட்டும் இருந்தால் 28.35-ஆல் பெருக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றேகால்தான், அதைப் பற்றி தூக்கம் கெட வேண்டாம். ஆனால் 'ஒரு அவுன்ஸ் சுமார் 30 கிராம்' என்று வைத்துக்கொண்டால் ஆறு, ஏழு சதவீதம் பிசகும். ஒரு நாள் முழுக்கக் கூட்டும்போது அது கண்ணுக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய குழி திரவ அவுன்ஸ். 'நெட் வெயிட்' என்று போட்டு அவுன்ஸ் எழுதியிருந்தால் அது எடை. 'புளூயிட்' என்ற சொல் சேர்ந்திருந்தால் அது கொள்ளளவு. அமெரிக்க திரவ அவுன்ஸ் 29.57 மில்லி, சத்து அட்டவணைக்காக 30 மில்லி என்று எடுப்பார்கள். பழைய பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் 28.4 மில்லி. ஒரு திரவ அவுன்ஸ் எத்தனை கிராம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எண்ணெய் என்றால் சுமார் 27 கிராம். பால் என்றால் 30 கிராமுக்குச் சற்று மேல். தேன் என்றால் 42 கிராம். தேனைத் திரவ அவுன்ஸில் அளந்து 28-ஆல் பெருக்குகிறவர் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. திரவம் என்றால் மில்லியிலேயே அளந்து மில்லியிலேயே கணக்குப் போடுங்கள். தேன் மாதிரி கெட்டியானது என்றால் கிண்ணத்தைத் தராசில் வைத்து கிராமில் எடுங்கள்.

கிராமைச் சரியாகப் பிடித்தோமா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பரிமாறல் எடையைப் பரிமாறல் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். எங்கள் பாதாம் பாக்கெட்டில் நிகர எடை 454 கிராம், அதாவது ஒரு பவுண்டு. பரிமாறல் 28 கிராம், பாக்கெட்டுக்குச் சுமார் 16 பரிமாறல். 28-ஐ 16-ஆல் பெருக்கினால் 448. நிகர எடைக்கு ஒட்டி வருகிறது, சரி. இந்தப் பெருக்கல் நிகர எடைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் நீங்கள் தவறான வரியைப் படித்திருக்கிறீர்கள், அல்லது டப்பாவில் உள்ள தண்ணீரை வடித்த பிறகு வரும் எடைக்கு அட்டவணை போட்டிருக்கிறார்கள். டின்னில் வரும் சூரை மீனில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இன்னொன்று, பாஸ்தாவில் 56 கிராம் என்பது வேகாத பாஸ்தா. வெந்தபின் அது இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். வெந்ததைத் தட்டில் போட்டு 56 கிராம் நிறுத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் சாப்பிட்டிருப்பீர்கள், ஆனால் கணக்கில் முழுசாக ஏறியிருக்கும்.

இறக்குமதிப் பாக்கெட்டுகளில் இங்கே ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர் சில சமயம் அட்டவணையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஹேர் டிரையர் சூட்டை அரை நிமிடம் காட்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் அச்சு கிழியாமல் வந்துவிடும்.

அடுத்து சக்தி

ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல். அதனால் கிலோஜூல் எண்ணை 4.184-ஆல் வகுக்க வேண்டும். கால்குலேட்டரில் பெருக்கல் வசதியாக இருந்தால் 0.239-ஆல் பெருக்கலாம், விடை ஒன்றுதான். மியூஸ்லியின் 1680-ஐ வகுத்தால் 401.5 வருகிறது.

கடையில் நின்றுகொண்டு மனக்கணக்காகப் பார்க்க வேண்டும் என்றால் நாலால் வகுத்து, வந்ததில் இருபதில் ஒரு பங்கைக் கழியுங்கள். 1680-ஐ நாலால் வகுத்தால் 420. அதில் இருபதில் ஒன்று 21. கழித்தால் 399. சரியான விடைக்கு இரண்டரைதான் குறைவு. பாக்கெட்டை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இது தாராளம். வீட்டுக் கணக்கில் எழுதும்போது 4.184 போடுங்கள்.

அமெரிக்க பாக்கெட்டில் 'கலோரிஸ்' என்று இருப்பது கிலோகலோரிதான். பள்ளியில் படித்த சின்ன கலோரி என்று நினைத்து ஆயிரத்தால் வகுக்கக் கூடாது, 4.184-ஆலும் வகுக்கக் கூடாது. அந்த எண் ஏற்கெனவே நமக்கு வேண்டிய அலகில் இருக்கிறது. ஐரோப்பிய பாக்கெட்டுகளில் கிலோஜூலும் கிலோகலோரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அங்கே மாற்ற வேண்டியதே இல்லை, கிலோகலோரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்ணையும் வகுத்துப் பார்த்தால் சில சமயம் 4.184-க்குப் பதில் 4.17, 4.2 என்று வரும். அது அச்சுப் பிழை இல்லை. புரதத்துக்கு கிராமுக்கு 4 கிலோகலோரி அல்லது 17 கிலோஜூல், கொழுப்புக்கு 9 அல்லது 37 என்று முழு எண்களை வைத்துத் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள். அதனால்தான் இந்தச் சின்ன இடைவெளி.

அலகைத் தவறாகப் பிடித்தோமா என்று கண்டுபிடிக்க ஒரு எல்லை இருக்கிறது. உணவுகளில் மிக அடர்த்தியானது சுத்தக் கொழுப்பு. அதிலேயே 100 கிராமுக்கு 900 கிலோகலோரிதான். ஆகவே 100 கிராமுக்கு 900-ஐத் தாண்டி ஒரு எண் இருந்தால் அது கிலோகலோரியாக இருக்கவே முடியாது, கிலோஜூல்தான். தம்பியின் 1680 இந்த ஒரு விதியிலேயே மாட்டியிருக்கும். ஆனால் 900-க்குக் கீழே இருந்தால் அது கிலோகலோரி என்று அர்த்தமில்லை. தயிரிலோ பழத்திலோ கிலோஜூல் எண்ணே 300, 400-க்குள் வரும். அங்கே பின்னால் சொல்லும் சரிபார்ப்புதான் காப்பாற்றும்.

கார்போஹைட்ரேட் என்ற வரி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் பழகியவர்களும் தவறுவது இங்கேதான். அமெரிக்க பாக்கெட்டில் 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற வரிக்குள் நார்ச்சத்தும் அடக்கம். அதன் கீழே உள்ளே தள்ளி நார்ச்சத்து, சர்க்கரை என்று எழுதியிருப்பது அந்த மொத்தத்தின் பகுதிகள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐரோப்பிய பாக்கெட்டுகளில் கார்போஹைட்ரேட் வரியில் நார்ச்சத்து கிடையாது. அங்கே நார்ச்சத்து தனி வரி.

சியா விதையை எடுத்தால் இது பளிச்சென்று தெரியும். அமெரிக்க விவசாயத் துறையின் உணவு அட்டவணையில் 100 கிராம் சியாவில் 42 கிராம் கார்போஹைட்ரேட், அதில் 34 கிராம் நார்ச்சத்து. அதே விதையை ஆஸ்திரேலிய முறையில் அச்சிட்டால் கார்போஹைட்ரேட் வரியில் எட்டு கிராம் அளவில்தான் நிற்கும். விதை ஒன்றுதான், எழுதும் முறைதான் வேறு. இரண்டு நாட்டுப் பாக்கெட்டையும் திருத்தாமல் ஒரே கட்டத்தில் கூட்டினால் அன்றைய கார்போஹைட்ரேட் மொத்தத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

நான் எல்லாவற்றையும் நார்ச்சத்து நீங்கிய கார்போஹைட்ரேட்டாக மாற்றிக்கொள்கிறேன், நார்ச்சத்துக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறேன். அமெரிக்க பாக்கெட் என்றால் மொத்தத்திலிருந்து நார்ச்சத்தைக் கழிப்பேன். ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்றால் அப்படியே எடுப்பேன். எங்கள் வீட்டில் நடந்த இன்னொரு பிழை இதற்கு நேர் எதிர்: எங்கேயோ படித்துவிட்டு எல்லா பாக்கெட்டிலும் நார்ச்சத்தைக் கழித்தார்கள். மியூஸ்லியில் ஏற்கெனவே கழிந்ததை இரண்டாம் தடவை கழித்தார்கள். சர்க்கரை நோய்க்காகக் கார்போஹைட்ரேட் எண்ணி இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. நார்ச்சத்தைக் கழிக்கலாமா, எவ்வளவு கழிக்கலாம் என்பதை அவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலை உணவு ஒன்று, முழுக் கணக்கு

சரி, அன்றைக்கு மேசையில் இருந்ததை எடுப்போம். கிண்ணத்தை டிஜிட்டல் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, மியூஸ்லி 60 கிராம் போட்டோம். மறுபடி பூஜ்யமாக்கி பாதாம் 20 கிராம். மறுபடி பூஜ்யமாக்கி பால் பவுடர் 20 கிராம். பவுடரை வெந்நீரில் கரைத்து மேலே ஊற்றியாயிற்று.

மியூஸ்லி பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1680 கிலோஜூல், புரதம் 11.5, கொழுப்பு 12, கார்போஹைட்ரேட் 56.5, நார்ச்சத்து 10 கிராம் என்று இருந்தது. கிலோகலோரி 401.5 என்று மேலே பார்த்தோம். சாப்பிட்டது 60 கிராம், ஆகவே எல்லாவற்றையும் 0.6-ஆல் பெருக்க வேண்டும். 241 கிலோகலோரி, புரதம் 6.9, கொழுப்பு 7.2, கார்போஹைட்ரேட் 33.9, நார்ச்சத்து 6 கிராம்.

பாதாம் பாக்கெட்டில் 28 கிராமுக்கு 160 கலோரி, கொழுப்பு 14, மொத்த கார்போஹைட்ரேட் 6, அதில் நார்ச்சத்து 4, புரதம் 6. முதலில் கார்போஹைட்ரேட்டைத் திருத்துகிறோம், 6-இல் 4 போனால் 2. பிறகு ஒவ்வொன்றையும் 28-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்குகிறோம். 114 கிலோகலோரி, புரதம் 4.3, கொழுப்பு 10, கார்போஹைட்ரேட் 1.4, நார்ச்சத்து 2.9.

பால் பவுடரில் தூளுக்கான பத்தியில் 100 கிராமுக்கு 2090 கிலோஜூல், புரதம் 25, கொழுப்பு 27, கார்போஹைட்ரேட் 39. கிலோஜூலை வகுத்தால் 499.5. இருபது கிராம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு: 100 கிலோகலோரி, புரதம் 5, கொழுப்பு 5.4, கார்போஹைட்ரேட் 7.8.

| உணவு | கிராம் | கிலோகலோரி | புரதம் | கொழுப்பு | கார்போஹைட்ரேட் | நார்ச்சத்து |
|---|---|---|---|---|---|---|
| மியூஸ்லி | 60 | 241 | 6.9 | 7.2 | 33.9 | 6.0 |
| பாதாம் | 20 | 114 | 4.3 | 10.0 | 1.4 | 2.9 |
| பால் பவுடர் | 20 | 100 | 5.0 | 5.4 | 7.8 | 0 |
| மொத்தம் | 100 | 455 | 16.2 | 22.6 | 43.1 | 8.9 |

இடையில் எங்கேயும் முழு எண்ணாக்காதீர்கள். ஒரு தசம இடம் வரை வைத்துக்கொண்டு கடைசியில் முழுமையாக்கினால் போதும். ஒவ்வொரு படியிலும் முழுமையாக்கினால் ஏழெட்டுப் பொருள் சேரும்போது பிழைகள் ஒரே பக்கம் சாய வாய்ப்புண்டு.

சரிபார்ப்பு

இப்போது சக்தி எண்ணை மறந்துவிட்டு, மேக்ரோவிலிருந்து சக்தியைத் திரும்பக் கட்டுகிறோம். புரதம் கிராமுக்கு 4, கொழுப்பு 9, நார்ச்சத்து நீங்கிய கார்போஹைட்ரேட் 4, நார்ச்சத்து 2. மேலே உள்ள மொத்தத்தில் புரதத்திலிருந்து 64.8, கொழுப்பிலிருந்து 203.4, கார்போஹைட்ரேட்டிலிருந்து 172.4, நார்ச்சத்திலிருந்து 17.8. கூட்டினால் 458. பாக்கெட்டுகளிலிருந்து மாற்றி வந்த எண் 455. மூன்று கிலோகலோரி வித்தியாசம் என்றால் கணக்கு உறுதி.

இதை மொத்தத்துக்கு மட்டும் செய்யாமல், ஒவ்வொரு பாக்கெட்டையும் முதல் தடவை எழுதும்போதே செய்துவிடுங்கள். ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் நான் மேலே போய்விடுவேன். நாலு மடங்கு வித்தியாசம் வந்தால் அலகு மாறிப்போயிருக்கிறது. மூன்றரை மடங்கு வந்தால் 28 கிராமுக்கான எண்ணையும் 100 கிராமுக்கான எண்ணையும் கலந்திருக்கிறீர்கள். இந்த இரண்டு விகிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஆள் குழம்பலாம், எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். சக்தி மட்டும் பெருத்து மேக்ரோ சரியாக இருந்தால் கிலோஜூல். மேக்ரோ எல்லாமே சேர்ந்து பெருத்திருந்தால் எடை.

சில உணவுகளில் எல்லாம் சரியாகச் செய்தும் பத்து சதவீதம் ஒத்துவராது. சர்க்கரை இல்லாத சாக்லேட், புரத பார் போன்றவற்றில் சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால், எரித்ரிட்டால் மாதிரி இனிப்பூட்டிகள் இருக்கும். அவை கார்போஹைட்ரேட் எண்ணில் சேர்ந்திருக்கும், ஆனால் கிராமுக்கு 4 கிலோகலோரி தராது. ஐரோப்பியக் கணக்கில் பெரும்பாலானவற்றுக்கு 2.4, எரித்ரிட்டாலுக்கு பூஜ்யம். அப்படிப்பட்ட பாக்கெட்டில் அச்சிட்ட சக்தி எண்ணையே நம்புங்கள். ஆஸ்திரேலிய பாக்கெட்டில் நார்ச்சத்து வரியே இல்லாமல், மேக்ரோவிலிருந்து கட்டிய எண் சற்றுக் குறைவாக வந்தால், அச்சிடாத நார்ச்சத்து காரணமாக இருக்கலாம். நார்ச்சத்தையோ சர்க்கரை போன்ற கார்போஹைட்ரேட்டையோ பற்றி ஏதாவது பெருமை சொல்லி விற்றால்தான் அந்த வரியைப் போடுவது அங்கே கட்டாயம்.

மாற்றினாலும் சரியாகாத எண்கள்

அமெரிக்க பாக்கெட்டில் எண்களை முழுமையாக்கித்தான் அச்சிடுகிறார்கள். 50-க்கு மேல் உள்ள கலோரி மிக அருகில் உள்ள பத்துக்கு முழுமையாக்கப்படும். புரதம் முழு கிராமுக்கு. பாதாமில் 6 கிராம் புரதம் என்றால் உண்மையில் அது ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. 28 கிராமுக்கு அரை கிராம் என்பது சின்னதாகத் தெரியும். 100 கிராமுக்கு விரித்தால் அதே புரதம் 19.6-லிருந்து 23.2 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் அமெரிக்க பாக்கெட்டிலிருந்து விரித்த எண்ணை இரண்டு தசமம் வரை எழுதுவதில் பயனில்லை.

இதன் உச்சம் சமையல் எண்ணெய் ஸ்பிரே. கால் நொடி அழுத்தலை ஒரு பரிமாறல் என்று வைத்திருப்பார்கள், எடை 0.25 கிராம். ஐந்துக்குக் குறைந்த கலோரியைப் பூஜ்யம் என்று போட அனுமதி உண்டு, அரை கிராமுக்குக் குறைந்த கொழுப்பையும் அப்படியே. ஆக கலோரி 0, கொழுப்பு 0 என்று அச்சாகியிருக்கும். உள்ளே இருப்பதோ எண்ணெய். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், எந்த மாற்று விகிதமும் இதைக் காப்பாற்றாது. தோசைக்கல்லில் அடிப்பதற்கு முன்னும் பின்னும் டப்பாவைத் தராசில் வைத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது ஒரு தோசைக்கு 3 கிராம் குறைந்தது. உந்துவாயு கொஞ்சம் சேர்ந்திருக்கும், இருந்தாலும் கிராமுக்கு 9 என்று வைத்து 27 கிலோகலோரி எழுதுவதுதான் நியாயம்.

ஒரு தடவை எழுதி வைப்பது

ஒவ்வொரு நாளும் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பாக்கெட் வீட்டுக்கு வந்த அன்றே விரிதாளில் ஒரு வரியாகப் போட்டுவிடுகிறோம். B பத்தியில் அட்டவணை எத்தனை கிராமுக்கு என்பது (100 அல்லது 28), C-இல் அச்சிட்ட சக்தி எண், D-இல் அலகு `kJ` அல்லது `kcal`, E-இல் கார்போஹைட்ரேட், F-இல் நார்ச்சத்து, G-இல் கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்து அடக்கமா என்பதற்கு `Y` அல்லது `N`, H-இல் நாம் சாப்பிட்ட கிராம்.

```
=IF(D2="kJ", C2/4.184, C2) / B2 * H2
=IF(G2="Y", E2-F2, E2) / B2 * H2
```

முதல் வரி கிலோகலோரி, இரண்டாவது நார்ச்சத்து நீங்கிய கார்போஹைட்ரேட். புரதத்துக்கும் கொழுப்புக்கும் எண்ணை B2-ஆல் வகுத்து H2-ஆல் பெருக்கினால் போதும். D பத்தியைக் காலியாக விட்டால் சூத்திரம் அதைக் கிலோகலோரி என்றே எடுத்துக்கொள்ளும், அதனால் அலகை எழுதாமல் விடாதீர்கள்.

விரிதாள் வேண்டாம் என்றால் டப்பாவின் மேல் ஒரு பேப்பர் டேப் போதும். எங்கள் மியூஸ்லி டப்பாவில் '1 கிராம் = 4.0 கிலோகலோரி, புரதம் 0.115' என்று அம்மா கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறார். தராசில் எண் தெரிந்ததும் பெருக்க வேண்டியதுதான் பாக்கி.

தம்பி இப்போது இதே சூத்திரத்தை அரிசிக்கும் போடுகிறான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் சக்தி கிலோஜூலில்தான் இருக்கிறது. தீட்டிய பச்சை அரிசிக்கு 100 கிராமுக்கு 1491. கார்போஹைட்ரேட் 78.24, நார்ச்சத்து தனியாக 2.81. ஈரம், புரதம், சாம்பல், கொழுப்பு எல்லாவற்றையும் இவற்றோடு கூட்டினால் சரியாக 100 வருகிறது. ஆகவே கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்து இல்லை, G பத்தியில் `N`. சக்தியை வகுத்தால் 356 கிலோகலோரி. அதுவும் வேகாத அரிசிக்கு, அதனால் உலையில் போடுவதற்கு முன்பே நிறுத்துவிடுகிறான்.